22 டயமண்ட் குறைவு

"அம்மா, ஒரு முந்நூறு ரூபா ரீலோட் போட்டு விடுங்கோவன். ரியூசன் நோட்ஸ் இறக்க டேட்டா முடிஞ்சுது."

கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று வன்னியில் எங்கே போனாலும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் இதைக் கேட்கலாம். பெரும்பாலும் உண்மையாகத்தான் கேட்பார்கள். டேட்டா முடியத்தான் செய்யும். ஆனால் அதே முந்நூறு ரூபா கிழமைக்கு இரண்டு தரம், அதுவும் இரவு பத்து மணிக்கு மேல், "இப்பவே வேணும்" என்ற அவசரத்தோடு வந்தால் கணக்கை வேறு இடத்தில் பார்க்க வேண்டும். ஃப்ரீ ஃபயர் என்ற சுடும் விளையாட்டுக்குள் காசு போலச் செலவழிப்பது டயமண்ட். அதில் வாங்கக்கூடிய வழமையான சிறிய பொதி 100 டயமண்ட். அதன் விலை ஏறத்தாழ ஒரு அமெரிக்க டொலர், நம்முடைய காசில் முந்நூறு ரூபாவைச் சுற்றி.

பிள்ளைகளும் போன் விளையாட்டும் என்று பேச்செடுத்தால் வெடிச்சத்தம், கண் நோவு, படிப்புக் கெடுதல் என்றே பேசுகிறோம். சுட்டு விளையாடுவது ஒரு விளையாட்டு. அதற்குள்ளே டயமண்ட் போட்டுச் சுழற்றும் பரிசுச் சக்கரம் வேறு சாமான். சுடுவதற்குக் காசு தேவையில்லை, சக்கரத்துக்குத் தேவை. சுடுவதில் பிள்ளையின் கைத்திறன் வெல்லும், சக்கரத்தில் கைத்திறனுக்கு வேலையே இல்லை. பெற்றோர் இரண்டையும் ஒன்றாக்கி "கேம் விளையாடாதே" என்று அதட்டும்போது, பிள்ளைக்கு அது விளங்காதவர் பேசும் பேச்சாகப் படுகிறது. அதில் நியாயமும் உண்டு. அதனால் இந்தக் கட்டுரையில் ஒரேயொரு சக்கரத்தை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பார்ப்போம்.

அதன் பெயர் `Faded Wheel`. அடிக்கடி புதுப் பரிசுகளோடு வந்து, சில நாள் நின்று, போய்விடும். திரையில் பத்துப் பொருட்கள் வட்டமாக இருக்கும். அவற்றில் ஒன்று பெரிய பரிசு. பளபளக்கும் உடை, துவக்கின் தோற்றத்தை மாற்றும் தோல், ஆடும் அசைவு என்று ஏதாவது ஒன்று. மற்ற ஒன்பதில் பல, யாரும் தனியாகக் காசு கொடுத்து வாங்காத சில்லறைகள். முதலில் பிள்ளை தனக்கு வேண்டாத இரண்டைத் தெரிவு செய்து நீக்க வேண்டும். மிச்சம் எட்டு. பிறகு சுழற்றலாம். ஒருமுறை விழுந்த பொருள் திரும்ப விழாது. ஆகவே எட்டுச் சுழற்றில் எட்டும் கிடைத்தே தீரும். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று பிள்ளை கேட்பான். கேள்வி சரிதான். பொய் எதுவும் இல்லை. விலைப்பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

விலை ஒவ்வொரு சுழற்றுக்கும் ஏறும். நிகழ்வுக்கு நிகழ்வு மாறினாலும் பரவலாக வரும் வரிசை இது: 9, 19, 39, 69, 99, 149, 199, 499. முதலாவது 9 டயமண்ட், ஒரு ரொபியின் விலைதான். இரண்டாவதும் சில்லறை. நான்கு சுழற்று முடிய மொத்தம் 136. ஐந்தில் 235, ஆறில் 384, ஏழில் 583. எட்டாவது மட்டும் தனியே 499. எல்லாம் கூட்டினால் 1082. கடைசிச் சுழற்று ஒன்றே மொத்தச் செலவில் கிட்டத்தட்ட பாதி.

பெரிய பரிசு எப்போது விழும்? எட்டுப் பொருளுக்கும் ஒரே வாய்ப்பு என்றால் சராசரியாக 315 டயமண்டோடு கிடைத்துவிடும். ஆனால் ஒரே வாய்ப்பு இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிறை இருக்கிறது. பானைக்குள் சீட்டுப் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கத்துக்காக இப்படி வைப்போம்: பெரிய பரிசின் பெயரில் ஒரு சீட்டு, மற்ற ஏழு பொருட்களின் பெயரிலும் இருபது இருபது சீட்டு. மொத்தம் 141. முதல் சுழற்றில் பெரிய பரிசு வர வாய்ப்பு 141இல் ஒன்று, அதாவது 0.7 சதவீதம். முதல் நான்கு சுழற்றுக்குள் வர வாய்ப்பு நூற்றில் நான்குகூட இல்லை. கடைசி வரை வராமல், எட்டாவதாக மட்டும் வர வாய்ப்பு 88 சதவீதம். இருபது என்ற எண் நாம் வைத்தது. பெரிய பரிசின் நிறை மற்றதை விடக் குறைவாக இருக்கும் வரைக்கும் கணக்கு ஓடும் திசை இதுதான். பெரிய பரிசின் சீட்டை மெத்தக் குறைத்துவிட்டால் போதும், அது பெரும்பாலும் தானாகவே வரிசையின் கடைசிக்குப் போய் நிற்கும். 499 காத்திருப்பதும் அங்கேதான்.

தொடக்கத்தில் இரண்டு பொருளை நீக்கச் சொல்கிறார்களே, அது உதவாதா? பிள்ளைகள் அதில் மெத்த யோசிப்பார்கள். எதை நீக்கினால் அதிர்ஷ்டம் என்று காணொளிகளே இருக்கின்றன. அதே பானைக் கணக்கில் நீக்குவதற்கு முன் 181 சீட்டில் ஒன்று, நீக்கிய பின் 141 சீட்டில் ஒன்று. 0.55 சதவீதம் 0.7 ஆகிறது, அவ்வளவே. வேண்டாத இரண்டு சாமான் வராது என்பது மட்டுமே லாபம். ஆனால் "நான்தான் தெரிவு செய்தேன்" என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் விழுந்துவிடுகிறது. தாயக்கட்டையை ஊதி உருட்டுகிறவனுக்கும் அதே எண்ணந்தான். ஊதுவதால் கட்டைக்கு ஒன்றும் ஆவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுழலும் வெளிச்சம் மெல்ல மெல்ல ஓய்ந்து, சில நேரம் பெரிய பரிசுக்குப் பக்கத்துக் கட்டத்தில் நிற்கும். "சா, ஒரு கட்டத்தால போச்சு!" என்று பிள்ளை துள்ளுவான். உண்மையில் அவன் பொத்தானை அழுத்தியதுமே எது விழும் என்பது நிறுவனத்தின் சேர்வரில் முடிவாகிவிட்டது. வெளிச்சம் ஓடுவது அதற்குப் பிறகு காட்டப்படும் படம். பக்கத்துக் கட்டத்தில் நின்றாலும் எதிர்க் கட்டத்தில் நின்றாலும் பெரிய பரிசுக்கான தூரம் ஒன்றுதான். மரத்தால் செய்த திருவிழாச் சக்கரத்தில் "கிட்டப் போச்சு" என்பதற்கு ஏதோ பொருள் உண்டு. இங்கே அதற்குப் பொருளே இல்லை.

இனி காசுப் பக்கம் வருவோம். டயமண்டைச் சக்கரத்தின் விலைக்கு அளந்து வாங்க முடியாது. பொதியாகத்தான் வாங்கலாம். வழமையான பொதிகள் 100, 310, 520, 1060, 2180, 5600. சக்கரத்துக்கு முழுதாகத் தேவைப்படுவது 1082. அதற்குக் கிட்டிய பொதி 1060. ஏறத்தாழப் பத்து டொலர், மூவாயிரம் ரூபாவைச் சுற்றி. வயல் வேலைக்குப் போகும் ஒருவரின் ஒரு நாள் கூலியோடு ஒப்பிடக்கூடிய காசு.

ஒரு பிள்ளை அந்த 1060 பொதியை வாங்கினான் என்று வைத்துக்கொண்டு பின்னாலேயே போவோம். ஏழு சுழற்றில் 583 போய்விட்டது. கையில் 477. வட்டத்தில் ஒரேயொரு பொருள் மிச்சம், அது அந்த உடை. இனி அதிர்ஷ்டமே தேவையில்லை, அழுத்தினால் உறுதியாகக் கிடைக்கும். ஆனால் விலை 499. அவனிடம் இருப்பது 477. 22 குறைவு.

இந்த இடத்தில் எந்தப் பிள்ளை நிறுத்துவான்? நிறுத்தினால் 583 டயமண்ட் போனதும் வேண்டாத ஏழு சாமான் வந்ததுமாக முடிகிறது. இன்னும் ஒரு சிறிய பொதி போட்டால் உடை கையில். மேலே சொன்ன முந்நூறு ரூபாவும் இரவு பத்து மணியும் வந்த இடம் இதுதான். நிகழ்வு முடிய எத்தனை மணித்தியாலம் இருக்கிறது என்று திரையின் மூலையில் ஒரு மணிக்கூடு பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும். அம்மாவிடம் காரணம் சொல்லி விளங்கப்படுத்த நேரமில்லை. ரியூசன் நோட்ஸ் கைகொடுக்கிறது.

அவன் 100 பொதியை வாங்குகிறான். 577 ஆகிறது. 499 போக 78 மிச்சம். உடை கிடைத்துவிட்டது, கதை முடிந்தது என்று நினைக்கலாம். இல்லை. அடுத்த கிழமை புதுச் சக்கரம் வருகிறது. அதில் முதல் மூன்று சுழற்று 9, 19, 39. மொத்தம் 67. அவனிடம் 78 இருக்கிறது. "மிச்சக் காசுதானே, மூன்று தரம் சுத்திப் பாப்பம்" என்று சுழற்றுவான். 11 மிஞ்சும். நான்காவது சுழற்றுக்கு 69 வேண்டும். மூன்று வேண்டாத சாமான் வந்தாயிற்று, வட்டத்தில் இன்னும் ஐந்து. புதுச் சக்கரத்துக்குள் ஒரு சதமும் புதிதாகப் போடாமலே அவன் இறங்கிவிட்டான்.

1060க்கும் 1082க்கும் இடையிலுள்ள 22 தற்செயலா, கணக்கா என்பதை வெளியில் இருப்பவர் சொல்ல முடியாது. சொல்லவும் தேவையில்லை. பொதிகளின் அளவும் விலைகளின் அளவும் பொருந்தாமல் இருக்கும் வரைக்கும் ஒரு பக்கம் குறைவும் மறு பக்கம் மிச்சமும் வந்துகொண்டே இருக்கும். குறைவு உடனே இன்னொரு பொதி வாங்க வைக்கும். மிச்சம் அடுத்த சக்கரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். ரூபாவில் விலை போட்டிருந்தால் இந்த இரண்டும் நடக்காது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டை நடத்தும் நிறுவனத்தோடு 20 மில்லியன் டொலருக்கு ஓர் இணக்கத்துக்கு வந்தபோது வைத்த நிபந்தனைகளில் இதுவும் உண்டு. உள்ளே என்ன விழும் என்று தெரியாமல் வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டியை நேரடியாக உண்மைக் காசில் வாங்கவும் வழி இருக்க வேண்டும், வாய்ப்பு வீதத்தையும் விளையாட்டு நாணயத்தின் பெறுமதியையும் வெளியே சொல்ல வேண்டும், பதினாறு வயதுக்குக் கீழுள்ளவருக்குப் பெற்றோர் சம்மதமின்றி விற்கக் கூடாது. பெல்ஜியம் 2018லேயே காசுக்கு விற்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று சொல்லிவிட்டது. இலங்கையில் 2025இல் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகார சபைக்கான சட்டம் நிறைவேறியது. ஆனால் விளையாட்டுக்குள் இருக்கும் சக்கரத்தை யாராவது வந்து நிறுத்துவார்கள் என்று வீட்டில் காத்திருக்க முடியாது.

வீட்டில் செய்யக்கூடியதைப் பார்ப்போம். அதற்குக் காசு எந்த வழியால் போகிறது என்று தெரிய வேண்டும். வன்னியில் முக்கியமாக மூன்று வழி.

முதலாவது, ரீலோட் காசிலிருந்து நேரடியாக. கூகிள் பிளேயில் கட்டணம் செலுத்தும் முறையாக சிம்மின் மீதியைச் சேர்த்துவிட்டால் வங்கி அட்டையே வேண்டாம். அம்மாவின் போனில் பிள்ளை ஒருமுறை இதைச் சேர்த்திருப்பான். அதன் பிறகு போடும் ரீலோட் எல்லாம் டேட்டாவுக்குப் போகிறதா டயமண்டுக்குப் போகிறதா என்று அம்மாவுக்குத் தெரியாது.

இதைப் பார்ப்பது கடினமில்லை. பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலப்பக்கம் உள்ள வட்டப் படத்தைத் தொட்டு, `Payments & subscriptions` என்பதற்குள் போங்கள். அங்கே `Payment methods` என்பதில் என்னென்ன வழி சேர்க்கப்பட்டிருக்கிறது என்று தெரியும். `Budget & history` என்பதில் என்ன வாங்கப்பட்டது, எந்தத் திகதி, எத்தனை ரூபா என்று வரிசையாக இருக்கும். அந்தப் பட்டியலை யாராவது மறைத்துவிடுவார்களோ என்று யோசித்தால், அதே கணக்கின் ஜிமெயிலில் `Google Play Order Receipt` என்று தேடிப் பாருங்கள். ஒவ்வொரு கொள்வனவுக்கும் ஒரு மடல் வந்திருக்கும். பிளே ஸ்டோரின் அந்தப் பட்டியல் பக்கத்திலேயே மாத வரவுசெலவு எல்லை ஒன்று வைக்கலாம் என்றும் காட்டும். அதை நம்பி இருக்காதீர்கள். எல்லை தாண்டினால் அது சொல்லும், ஆனால் தடுக்காது.

தடுப்பது வேறு இடத்தில். அதே வட்டப் படத்தைத் தொட்டு `Settings` உள்ளே போனால், போனின் பதிப்பைப் பொறுத்து `Purchase verification` என்றோ `Authentication` என்றோ ஒரு வரி வரும். அதில் ஒவ்வொரு கொள்வனவுக்கும் கேட்க வேண்டும் என்பதைத் தெரிவு செய்யுங்கள். இதைச் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் அடுத்த மாதம் திரும்பவும் காசு போயிருப்பதைக் காண்பதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, அம்மாவின் போனில் பிள்ளையின் கைரேகையும் பதிந்திருக்கும். பூட்டுத் திறக்க வசதியாக இருக்கட்டும் என்று வைத்ததுதான். அதே ரேகை கொள்வனவையும் உறுதிப்படுத்திவிடும். இரண்டு, அந்தக் கூகிள் கணக்கையே பிள்ளைதான் திறந்துகொடுத்திருப்பான். போன் வாங்கிய அன்று "தம்பி, இதைச் சரி பண்ணித் தா" என்று கொடுத்திருப்பீர்கள். கடவுச்சொல் அவனுக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது. ஆகவே முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், பிறகு போன் அமைப்பில் போய் மேலதிகக் கைரேகையை நீக்குங்கள், அதற்குப் பிறகு பூட்டைப் போடுங்கள். மூன்றில் ஒன்று விடுபட்டாலும் பயனில்லை.

இரண்டாவது வழி, வெளிநாட்டு உறவினரின் அட்டை. சுவிஸிலிருந்தோ கனடாவிலிருந்தோ மாமா லீவில் வந்து நின்றபோது, பிள்ளை கேட்டான் என்று ஒரு தரம் தன் அட்டையைப் போட்டு ஏதோ வாங்கிக் கொடுத்திருப்பார். அவர் திரும்பிப் போனாலும் அட்டை எண் கணக்கில் கிடக்கும். அங்கே மாதக் கணக்கில் சின்னச் சின்னத் தொகையாகப் போவதை அவர் கவனிக்காமல் விடலாம், கவனித்தாலும் பிள்ளைதானே என்று விடலாம். இரண்டுமே பிள்ளைக்கு நல்லதில்லை. `Payment methods` பட்டியலில் அந்த அட்டையைக் கண்டால் நீக்கிவிட்டு, மாமாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உறவினர்களிடம் கேட்க வேண்டியது இதுதான்: பிறந்தநாளுக்கு டயமண்ட் போட்டு விடாதீர்கள், வேறு எதையாவது கொடுங்கள்.

மூன்றாவது வழிதான் பிடிபடாதது. கொமினிகேஷன் கடையிலோ வட்ஸ்அப்பில் விற்பவரிடமோ காசைக் கொடுத்து, பிள்ளை தன் விளையாட்டு எண்ணைச் சொன்னால் அவர்கள் டயமண்ட் போட்டுவிடுவார்கள். வீட்டுப் போனில் கொள்வனவு என்று எதுவும் நடக்காது. பிளே ஸ்டோர்ப் பூட்டு இதைத் தொடாது. பிள்ளைகளுக்கான `Family Link` கட்டுப்பாடும் தொடாது. அது பார்ப்பது கூகிள் வழியாக நடக்கும் கொள்வனவை மட்டும். இங்கே போவது சாப்பாட்டுக் காசு, பஸ் காசு, அம்மம்மா கையில் வைத்துவிட்ட நோட்டு. சில நேரம் அலுமாரியில் இருக்கும் நெல் விற்ற காசு. ஆகவே இதைப் போனில் தேடாமல் விளையாட்டுக்குள்ளேயே தேட வேண்டும். பிள்ளையிடம் "விளையாடுறியா?" என்று கேட்பதை விட "இப்ப எத்தனை டயமண்ட் இருக்கு? போன கிழமை எத்தனை இருந்தது?" என்று கேளுங்கள். காசு போடாமல் டயமண்ட் நூற்றுக்கணக்கில் ஏறுவது அபூர்வம்.

இந்த மூன்றாவது வழியில் இன்னொரு கெடுதல் உண்டு. "பாதி விலைக்கு டயமண்ட்" என்று வருபவர்கள் எண்ணோடு கடவுச்சொல்லையும் கேட்பார்கள். டயமண்ட் போட எண் மட்டும் போதும். கடவுச்சொல் கேட்டால் நோக்கம் கணக்கைக் கொண்டுபோவதுதான். இன்னும் சிலர் திருட்டு அட்டைகளில் வாங்கிப் போடுவார்கள். பிறகு அட்டைக்காரர் முறையிட்டுக் காசு திரும்பப் போகும், பிள்ளையின் கணக்கு முடக்கப்படும். பிள்ளை இதை வீட்டில் சொல்லமாட்டான், ஏனென்றால் காசு வந்த வழியையும் சொல்ல வேண்டி வரும்.

சக்கரத்திலிருந்து உண்மையான பந்தயத்துக்குப் போக ஒரு படிதான். விமானம் ஒன்று ஏற ஏற மடங்கு கூடும், அது மறைவதற்கு முன் நீங்கள் எடுத்துவிட வேண்டும் என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். இதில் பெயர்பெற்ற ஒன்று போடும் காசில் 97 சதவீதத்தைத் திருப்பிக் கொடுப்பதாகத் தானே அறிவித்திருக்கிறது. நல்ல எண் போலத் தெரியும். ஆனால் அந்த 97 ஒவ்வொரு சுற்றுக்கும் உரியது. இரண்டு மடங்கு வரை விமானம் போக வாய்ப்பு 48.5 சதவீதம், பாதிக்குச் சற்றுக் குறைவு. 1000 ரூபாவோடு இறங்கி, சுற்றுக்கு 100 ரூபா போட்டு, எப்போதும் இரண்டு மடங்கில் எடுப்பவர் 200 சுற்று ஆடினால், அதற்குள்ளேயே வெறுங்கையாவதற்கு வாய்ப்பு பாதிக்கு மேல். 200 சுற்று என்பது ஒன்று, ஒன்றரை மணித்தியால வேலை. எத்தனை மடங்கில் விமானம் மறையும் என்று முன்கூட்டிச் சொல்லும் செயலி இருப்பதாக டெலிகிராமில் விற்பார்கள். அப்படி ஒன்று இருந்தால் அதை வைத்திருப்பவர் ஏன் ஆயிரம் ரூபாவுக்கு விற்கிறார்? பந்தயத் தளங்கள் ஆள் சேர்ப்பவருக்குத் தரகு கொடுக்கின்றன. சேர்த்தவர் தோற்கும் காசில் பங்கு தரும் ஏற்பாடும் உண்டு. "சிக்னல்" கொடுக்கும் அண்ணை எந்தப் பக்கம் நின்று லாபம் பார்க்கிறார் என்பதைப் பிள்ளைக்கு இதை வைத்தே சொல்லலாம்.

பதினெட்டு வயது ஆகாதவன் அண்ணனின் அடையாள அட்டையை வைத்துக் கணக்குத் திறப்பான். போடும்போது யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். தப்பித் தவறி வென்று எடுக்கப் போனால் அப்போது ஆளின் முகத்தையும் அட்டையையும் கேட்பார்கள், காசு அங்கேயே நிற்கும். இதைவிட மோசமானது, வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பது. "உன் கணக்குக்கு காசு வரும், எடுத்துத் தா, ஆயிரம் ரூபா உனக்கு" என்று கேட்டால், வருவது யாருடைய காசு என்று தெரியாது. கணக்கு முடங்கினால் பொலிசுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கணக்குக்காரர்.

ஏற்கெனவே காசு போன வீடுகளுக்கு: கூகிள் பிளே வழியாகப் போனது என்றால் 48 மணித்தியாலத்துக்குள் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. கொள்வனவு வரலாற்றைப் பார்த்த அன்றே கேளுங்கள், சண்டையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். கடையில் கைக்காசாகக் கொடுத்தது திரும்பாது. அடுத்து, போனைப் பறித்து ஒளித்து வைக்க மனம் வரும். இரண்டு நாளைக்கு வேலை செய்யும், பிறகு சிநேகிதனின் போனில் அதே கணக்கைத் திறந்துவிடுவான். கணக்கு போனில் இல்லை, சேர்வரில் இருக்கிறது.

அதை விட ஒரு கொப்பித் தாளை எடுத்து, எட்டு விலையையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் கூட்டுத்தொகையையும் அவனே போடட்டும். பெரும்பாலான பிள்ளைகள் 1082 என்ற எண்ணை அன்றைக்குத்தான் முதல் தரம் பார்க்கிறார்கள். திரை அதைக் காட்டாது, அடுத்த சுழற்றின் விலையை மட்டும் காட்டும். பிறகு, "இந்த உடையை மூவாயிரத்து முந்நூறு ரூபா என்று விலை ஒட்டிக் கடையில் தொங்கவிட்டால் வாங்குவியா?" என்று கேளுங்கள். சிலர் ஓம் என்பார்கள். பரவாயில்லை, அது விலை தெரிந்து எடுக்கும் முடிவு, அதைப் பற்றிப் பேச இடமிருக்கிறது. பலர் சிரித்துவிட்டு இல்லை என்பார்கள்.

பொய் சொல்வதும் காசு எடுப்பதும் தொடர்ந்தால், நிறுத்து என்றதும் நித்திரையும் சாப்பாடும் குழம்பினால், அது வீட்டுக் கணக்கைத் தாண்டிவிட்டது. 1926 தேசிய மனநல உதவி எண், 1929 சிறுவர் உதவி எண். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பந்தயக் கடன் என்று யாராவது பிள்ளையை மிரட்டினால் கடனை அடைத்துவிடுவோம் என்று ஓடாதீர்கள். முதலில் 1929க்குச் சொல்லுங்கள். ஒரு தரம் அடைத்த வீட்டுக்கு அவர்கள் திரும்பவும் வருவார்கள்.

கடைசியாக அந்த 78 டயமண்ட். காசு போடுவதை நிறுத்த ஒப்புக்கொண்ட பிள்ளையின் கணக்கில் இப்படி ஒரு மிச்சம் கட்டாயம் கிடக்கும். அதை விட்டுவைத்தால் அடுத்த சக்கரத்தின் முதல் மூன்று சுழற்றாக அதுவே மாறும். சக்கரத்தில் இல்லாமல், விலை போட்டு நேரடியாக விற்கும் ஏதாவது ஒரு சின்னச் சாமானை அன்றைக்கே அவனையே வாங்கச் சொல்லி, மீதியைப் பூச்சியத்துக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள்.